பழைய தளத்தின் மேல் இன்னொரு தளமா, முழுவதும் பெயர்ப்பதா?

பெங்களூருவில் மழைக்காலம் என்பது ஒரே தவணையில் வந்து முடிவதன்று. மே மாதத்தில் மாலைநேர இடிமழை, ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை என ஏறத்தாழ ஏழு மாதங்கள் மொட்டை மாடிகள் நனைந்து நனைந்து காய்கின்றன. செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை மிகுதி. ஆகவே கூரையில் உள்ள கோளாறு பெரும்பாலும் அக்டோபரில்தான் படுக்கையறைக் கூரையில் பழுப்புக் கறையாக வெளிப்படுகிறது. மின்விசிறி மாட்டிய கொக்கியிலிருந்து சொட்டு விழுகிறது. நவம்பரில் மேஸ்திரியை அழைக்கிறோம்.

வருபவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "இருப்பதன் மேலேயே ஒரு கலவை போட்டு ஓடு பதித்துவிடலாம், நான்கு நாள் வேலை" என்பார் ஒருவர். "எல்லாவற்றையும் பெயர்த்து, கான்கிரீட் வரை இறங்கிப் பார்த்தால்தான் ஆயிற்று" என்பார் மற்றவர். முதல்வர் கேட்கும் தொகை குறைவு. இரண்டாமவர் கேட்கும் தொகையைக் கேட்டதும் முதல்வரையே திரும்ப அழைக்கத் தோன்றும். வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர்கள் பலர் இந்த இரு மதிப்பீட்டுத் தாள்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் தயங்குகிறார்கள். அந்தத் தாள்களில் எழுதப்படாத சில கணக்குகளை இங்கே நாம் போட்டுப் பார்ப்போம்.

நகரத்தில் பலரும் தம் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முப்பதுக்கு நாற்பது அடி மனை. 1984-இல் கட்டியது. மேல்தளத்தின் பரப்பு 80 சதுர மீட்டர், அதாவது சுமார் 860 சதுர அடி. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். அதன் மேல் அந்தக் கால வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட நான்கு அங்குலச் சுர்க்கி. அதன் மேல் தட்டோடு. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒழுகியபோது, ஓட்டின் மேலேயே இரண்டு அங்குலச் சிமெண்டுக் கலவை போடப்பட்டது. இப்போது மறுபடியும் ஒழுகுகிறது. மூன்றாவதாக ஒரு படலம் போடலாமா என்பதே கேள்வி.

எடை எங்கே போய்ச் சேருகிறது?

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் தன்னளவில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ எடையுள்ளது. சுர்க்கியும் தட்டோடும் சேர்ந்து ஏறக்குறைய 250 கிலோ. இவ்விரண்டும் எப்போதும் இருக்கும் எடை. இவற்றுக்கு மேல், ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு என்று சதுர மீட்டருக்கு 150 கிலோவைக் கூடுதலாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதி கூறும் அளவு. துணி உலர்த்துவது, வடகம் காயவைப்பது, பண்டிகைக்குப் பத்துப் பேர் கூடி நிற்பது எல்லாம் இந்த 150 கிலோவுக்குள் அடக்கம். நம் வீட்டை வடிவமைத்த பொறியாளர் தம் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தால், இந்த மூன்றையும் கூட்டித்தான் கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் முடிவு செய்திருப்பார்.

இரண்டு அங்குலச் சிமெண்டுக் கலவை சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. இப்போது போட நினைக்கும் கலவையும் ஓடும் சேர்ந்து ஏறக்குறைய 120 கிலோ. ஆக, முதலில் எண்ணிப் பார்த்திராத 220 கிலோ ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் ஏறிவிடுகிறது. ஆட்கள் நடமாட்டத்துக்கென ஒதுக்கிய 150 கிலோவையும் அது விழுங்கிவிட்டு மிஞ்சி நிற்கிறது. முழு மாடிக்கும் கணக்கிட்டால் பதினேழரை டன். அறுபது கிலோ எடையுள்ள 290 பேர் இரவும் பகலும் இறங்காமல் மாடியில் நிற்பதற்கு ஒப்பானது இது.

இதனால் தளம் மறுநாளே விழுந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. வடிவமைப்பில் பாதுகாப்புக்கென ஓர் உபரி வலிமை சேர்க்கப்பட்டிருக்கும். பல வீடுகள் அதை நம்பித்தான் நின்றுகொண்டிருக்கின்றன. ஆனால் அந்த உபரி, அறியாமல் நேரும் குறைகளுக்காக வைக்கப்பட்டது. கலவையில் சிமெண்டு குறைந்திருக்கலாம், கம்பி இடம் மாறியிருக்கலாம், நாற்பது ஆண்டுகளில் துரு ஏறியிருக்கலாம். தெரிந்தே ஏற்றும் சுமைக்காக அதைச் செலவழித்துவிட்டால், தெரியாத குறைகளுக்கு ஈடுகொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

எடையோடு உயரமும் ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு படலத்துக்கும் மாடித் தரை இரண்டு மூன்று அங்குலம் உயர்கிறது. மழைநீர் வடியும் துளையின் வாய் பள்ளத்துக்குள் புதைந்து குறுகிவிடுகிறது. படிக்கட்டு அறையின் வாசற்படி தரைமட்டத்துக்கு வந்துவிடுவதால், பெருமழையில் நீர் உள்ளே புரளுகிறது. கைப்பிடிச் சுவரும் அந்த அளவுக்குக் குட்டையாகிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முதலிலேயே அளந்து பார்த்துவிடுவது நல்லது.

மூடிய தளத்துக்குள் நடப்பது

நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று நினைத்து, அந்த இடத்தில் மட்டும் பூசிவிட்டு ஏமாறுவது வழக்கம். ஒன்றின் மேல் ஒன்றாகப் படலங்கள் உள்ள மாடியில் நீர் ஓரிடத்தில் புகுந்து, இரு படலங்களுக்கு நடுவே ஊர்ந்து, வேறோர் இடத்தில் வழி கண்டு இறங்குகிறது. மின்கம்பி செல்லும் குழாயும், மின்விசிறிக் கொக்கியின் பெட்டியும் கான்கிரீட்டுக்குள் புதைந்த ஆயத்த வழிகள். கூடத்தின் நடுவே சொட்டும் நீர், பத்து அடி தள்ளிக் கைப்பிடிச் சுவரின் அடியிலிருந்து வந்திருக்கக்கூடும்.

செங்கல் ஜல்லி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். அதன் மேல் சிமெண்டுக் கலவையை மூடியாகப் போட்டுவிட்டால், உள்ளே புகுந்த நீர் வெயிலிலும் எளிதில் வெளியேறுவதில்லை. மழை நின்று இரண்டு வாரங்களுக்குப் பிறகும் கூரை ஈரமாகவே இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியை அடைகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காப்பது. காற்றில் உள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. அந்தக் காலத் தளங்களில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் மூடல் 15 மில்லிமீட்டர் அளவுதான்; கொத்தனாரின் கவனக்குறைவால் அதுவும் இல்லாத இடங்கள் உண்டு. காரம் குறைந்த இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது வீங்கி, அடியில் உள்ள கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது.

துருவினால் எவ்வளவு வலிமை போகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு. எட்டு மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் துரு அரித்துவிட்டால் எஞ்சுவது ஏழு மில்லிமீட்டர். பார்வைக்கு இது பொருட்படுத்தத் தகாத குறைவு. ஆனால் சுமையைத் தாங்குவது கம்பியின் குறுக்குப் பரப்பு. அது 64-க்கு 49 என்ற விகிதத்தில் குறைகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. மேலே 220 கிலோ ஏறிய அதே தளத்தில், அடியில் தாங்கும் கம்பி கால் பங்கு இளைத்திருக்கிறது. பழைய தளத்தின் மேலேயே போடும் வேலையில் நாம் அஞ்ச வேண்டியது இந்தச் சேர்க்கையைத்தான்.

இதைப் பெயர்க்காமலே ஓரளவு கண்டறியலாம். முதலில் கூரையின் அடிப்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெண்ணிறப் பொடி பூத்திருந்தால் நீர் கான்கிரீட்டைக் கடந்து வருகிறது என்று பொருள். பழுப்பு நிறக் கோடுகள் ஏறக்குறைய அரை அடிக்கு ஒன்றாக, நேராக, இணையாக ஓடினால் அவை கம்பிகளின் மேல் ஓடும் விரிசல்கள், துரு தொடங்கிவிட்டது. அடுத்து ஒரு சிறு சுத்தியலால் கூரை முழுவதையும் சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். திடமான இடம் 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் காலிப் பானையைப் போல ஒலிக்கும். அத்தகைய இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டால் நோயின் வரைபடம் கிடைத்துவிடும். அங்கே பூச்சு மட்டும் பிரிந்திருக்கிறதா, கான்கிரீட்டே பிரிந்திருக்கிறதா என்பதை ஓரிரு இடங்களில் உடைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

பிறகு மேலே ஏறி மூன்று இடங்களில் ஓர் அடிச் சதுரமாகக் கான்கிரீட் வரை தோண்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்: வடிகால் துளையின் அருகில் ஒன்று, கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. அரை நாள் வேலை. சுர்க்கி காய்ந்து கல்லாய்ப் பிடித்திருக்கிறதா, ஈரச் சேறாய்க் கையோடு வருகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். குழியில் கான்கிரீட்டைச் சிறிது உடைத்துப் புதிய பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. கூரையின் அடிப்புறத்திலும் ஓரிடத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் சுமையைத் தாங்கும் கம்பிகள் தளத்தின் நடுப்பகுதியில் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. பொறியாளர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை இது, விலையும் சொற்பம்.

மாடியில் தண்ணீரைத் தேக்கிச் சோதிப்பதும் உண்டு. ஆனால் இரண்டு அங்குலம் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ. கம்பி தெரியும் அளவுக்கு உதிர்ந்த கூரையின் மேல் அதைச் செய்யவே கூடாது. திடமான தளத்திலும் களிமண் வரப்புக் கட்டிப் பகுதி பகுதியாகத் தேக்கினால், எந்தப் பகுதி ஒழுகுகிறது என்பதும் உடன் தெரியும்.

காற்றோட்டம், அதாவது ஈரம் வெளியேறும் வழி

சமதளக் கூரைக்கும் காற்றோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய பகுதிகள் 1898-ஆம் ஆண்டின் கொள்ளைநோயை அடுத்து விரிந்தவை. அங்கும், அல்சூர், சிவாஜிநகர் போன்ற பழைய தண்டுப் பகுதிகளிலும் இன்றும் எஞ்சியுள்ள வீடுகள் சிலவற்றில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையைக் காணலாம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுர்க்கி இடித்துப் போட்டது அது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். அந்தச் சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். உத்திரத்தின் அடிப்புறம் திறந்து கிடப்பதால் மரமும் காய்ந்துகொண்டே இருக்கும்.

அதன் மேல் சிமெண்டுக் கலவையும் நீர்க்காப்புப் பூச்சும் போட்டு, கீழே அழகுக்காகப் பொய்க்கூரை அடைத்துவிட்டால் இரு வழிகளும் மூடிவிடுகின்றன. முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர நுனி. அதுதான் கண்ணுக்குத் தெரியாத இடம். இத்தகைய வீடு உங்களுடையதானால், பொய்க்கூரையைக் கழற்றி ஒவ்வோர் உத்திரத்தின் நுனியையும் கூரிய ஆணியால் குத்திப் பார்க்காமல் மேலே ஒரு சட்டி கலவையும் ஏற்றாதீர்கள். அங்கே மாற்று வேலையையும் சுண்ணாம்பிலேயே செய்வதுதான் முறை. அதற்குரிய கொத்தனார்கள் இன்று அருகிவிட்டார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

கான்கிரீட் தளத்திலும் இதே விதி வேறு உருவில் இயங்குகிறது. ஈரம் காயாத தளத்தின் மேல் நீர்க்காப்புப் பூச்சையோ தாளையோ ஒட்டினால், மார்ச், ஏப்ரல் வெயிலில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மேலெழ முயலும். பூச்சு கொப்புளம் கொப்புளமாக வீங்கிப் பிரியும். தளம் காய்ந்துவிட்டதா என்பதை அறிய, ஒன்றரை அடிச் சதுரக் கண்ணாடித்தாளை விரித்து நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு முழு இரவு விட்டு வையுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்முத்துகள் கோத்திருந்தால் பூச்சு வேலையைத் தள்ளிப் போட வேண்டியதுதான்.

பெங்களூருவில் இப்போது பரவலாகக் காணும் மூன்றாவது வழி, மாடியின் மேல் இரும்புக் கால்கள் நட்டுத் தகடு வேய்வது. எடை மிகக் குறைவு. தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பதினைந்து இருபது கிலோவுக்குள் அடங்கும். இரு பக்கமும் திறந்திருந்தால் நடுவே காற்று ஓடி, தளம் காய்கிறது, வீடும் குளிர்கிறது. நான்கு பக்கமும் அடைத்து அறையாக்கிவிட்டால் பகலில் சூட்டுப் பெட்டியாகவும், குளிர்கால இரவுகளில் தகட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டுவதாகவும் ஆகிவிடும். இங்கே அச்சம் தலைகீழானது: எடை போதாததால் மே மாதச் சூறைக்காற்று தூக்கிச் செல்லும். கால்களைத் தளத்தின் நடுவில் நடாமல், கீழே சுவரோ உத்திரமோ உள்ள இடத்தின் மேல் நட்டு, நங்கூரமிட வேண்டும். துளையிட்ட ஒவ்வோர் இடமும் புதிய ஒழுக்கு வாயாகாதபடி அடைக்கப்பட வேண்டும். மாநகராட்சி அனுமதி வேண்டுமா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நலம். மேலும், இக்கூரை மழையைத் தடுக்குமே தவிர, முன்பே அரித்துவிட்ட கம்பியைச் சீராக்காது.

நம் வீட்டுக்கு என்ன செய்வது?

தளத்தின் மேல் ஒரே படலம்தான் இருக்கிறது, தோண்டிய மூன்று குழிகளும் காய்ந்திருக்கின்றன, சுத்தியல் ஒலி எங்கும் திடமாக இருக்கிறது என்றால் பெயர்க்கத் தேவையில்லை. விரிசல்களை அடைத்து, சுவர் மூலைகளைச் சீராக்கி, நெகிழ்வுள்ள நீர்க்காப்புப் பூச்சை இரண்டு முறை பூசினால் போதும். அதன் எடை சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும், அவ்வளவே.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் ஏற்கெனவே இரண்டு படலங்கள், நடுவில் ஈரம். அதை முழுவதும் பெயர்ப்பதே சரி என்பது நம் கருத்து. பெயர்த்து எடுக்கும் எடை சதுர மீட்டருக்கு 350 கிலோ, மொத்தம் 28 டன். அந்த இடத்தில் சரிவுக் கலவை, நீர்க்காப்பு, ஓடு எல்லாம் சேர்த்துப் புதிதாக ஏறுவது ஏறக்குறைய 190 கிலோ. மேலேயே போட்டிருந்தால் 470 கிலோ ஆகியிருக்கும். 1984-இல் இருந்ததைவிடவும் இலேசான கூரை கிடைக்கிறது.

இந்த வேலைக்கு உரிய காலம் சனவரி முதல் மார்ச் வரை. பெரிய உடைப்பு எந்திரத்தை அனுமதிக்காதீர்கள். அதன் அதிர்வு பலவீனமான தளத்தை மேலும் பிளக்கும். கையுளியோ சிறிய எந்திரமோ போதும். அதைவிட முக்கியமானது, பெயர்த்த கழிவை மாடியின் நடுவில் குவிக்காமல் இருப்பது. இடுப்பளவு குவியல் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டும். அன்றன்று பெயர்த்ததை அன்றன்றே இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இறக்கியது தெருமுனைக்கோ ராஜகாலுவேக்கோ போகாமல் உரிய இடத்துக்குப் போவதும் அதில் இடம்பெறட்டும்.

கான்கிரீட் வெளிப்பட்டதும் பொறியாளர் வந்து பார்க்கும்வரை அடுத்த வேலை தொடங்கக் கூடாது. உதிர்ந்த இடங்களில் துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைப்பார்கள். கம்பி அதிகம் இளைத்த இடத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். பின்னர் வடிகாலை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாட்டம். நீர்க்காப்பு, தரையோடு நில்லாமல் கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற வேண்டும். ஓடு பதிக்கும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். ஓடு பதித்த பிறகு செய்யும் சோதனையில் ஒழுக்கு தெரிந்தால் மறுபடியும் ஓட்டைத்தான் உடைக்க நேரும்.

பணக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பெயர்க்கும் வேலையில், உள்ளே எவ்வளவு கம்பி அரித்திருக்கிறது என்பது பெயர்த்த பிறகே முழுமையாகத் தெரியும். மொத்தமாக ஒரு தொகை பேசினால், ஒன்று ஒப்பந்தக்காரர் அச்சத்தில் கூட்டிச் சொல்வார், அல்லது உள்ளே கண்டதை மறைத்து மூடிவிடுவார். அதனால் பெயர்த்தல், கான்கிரீட் பழுதுபார்த்தல், நீர்க்காப்பு, ஓடு ஆகியவற்றுக்குத் தனித்தனியே சதுர மீட்டர் வீதம் விலை கேளுங்கள். பழுது எத்தனை சதுர மீட்டர் என்பதைத் திறந்த பிறகு இருவரும் சேர்ந்து அளந்துகொள்ளலாம். கடன் விண்ணப்பத்துடன் தரும் மதிப்பீட்டிலும் சுத்தியல் சோதனையில் வட்டமிட்ட பரப்பைவிடச் சற்றுக் கூடுதலான பரப்பைப் பழுதுக்கென்று காட்டுவது பொருத்தம். மெதுவாக நேரும் கசிவையும் தேய்மானத்தையும் வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் ஆவணத்தில் அந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

கான்கிரீட் திறந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்களில், ஓரங்களில் அளவுநாடாவை வைத்து மாடி முழுவதையும் படம் எடுத்து வையுங்கள். கம்பி சேர்த்த இடமும் விரிசல் அடைத்த இடமும் அதில் பதிவாகட்டும். படங்களோடு பொறியாளரின் குறிப்பையும் வீட்டுப் பத்திரக் கோப்பில் சேர்த்துவிட்டால், அடுத்த முறை மேஸ்திரி வந்து நிற்கும்போது தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தோண்டாமலே காட்டலாம்.